உபயோகித்தவர் பிழை

தவாவைக் கவிழ்த்து மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை முகர்ந்தாள். பிறகு நிமிர்த்தி ட்யூப் லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தாள். கறுப்பாக இருக்க வேண்டிய நான்ஸ்டிக் பூச்சு நடுவில் பழுப்பேறி, ஓரங்களில் பொரிந்து கொப்பளம் கட்டியிருந்தது. மேஜைமேல் வைத்து விளிம்பில் ஒரு விரலை அழுத்தினாள். தவா கால் உடைந்த நாற்காலிபோல ஆடியது.

“காலியா அடுப்புல வெச்சிருக்கீங்க,” என்றாள்.

“ஆமா,” என்றார் எதிரில் நின்றவர்.

பதினொரு வருடங்களில் அந்த மேஜைக்கு முன்னால் நின்று ஒருவரும் ஆமா என்று சொன்னதில்லை. அவர் மனதை மாற்றிக்கொள்வதற்குள் முத்திரையை எடுத்து மைப்பெட்டியில் அழுத்தி உத்தரவாதச் சீட்டின் நடுவில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். உபயோகித்தவர் பிழை.

“அவ்வளவுதாங்க. மாத்தித் தர மாட்டோம்.”

“மாத்தித் தரச் சொல்லி நான் கேக்கவே இல்லையே,” என்றார் அவர்.

அவர் சவரக்கடைக்காரர். சட்டையின் காலரில் யாருடைய முடியோ ஒட்டியிருந்தது. அறுபதை நெருங்கிய வயது. தன் தலையில் வெட்டுவதற்கு அதிகம் வைத்துக்கொள்ளவில்லை.

“பின்ன எதுக்கு வந்தீங்க?”

“ஒண்ணு கேக்கணும். அவசரமில்ல. மத்தவங்களப் பாருங்க.” போய்ச் சுவரோர பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். தன் கடையில் ஆட்களைக் காத்திருக்க வைத்துப் பழகியவருக்குக் காத்திருக்கவும் தெரிந்திருந்தது.

அவளைக் கடையில் எல்லோரும் நீதிபதி என்றுதான் கூப்பிட்டார்கள். பின்கட்டில் சரக்கைப் பார்த்துக்கொள்ளும் குடோன் அண்ணன் வைத்த பெயர். முன்பக்கம் பாத்திர விற்பனை, பின்பக்கம் தகரக் கூரைக் குடோன், இரண்டுக்கும் நடுவே கழிப்பறைக்குப் போகிற வழியில் அவளுடைய மேஜை. கெட்டுப்போனது என்று ஜனங்கள் திருப்பிக் கொண்டுவரும் பாத்திரங்களைப் பார்த்து, குற்றம் கம்பெனியுடையதா கொண்டுவந்தவருடையதா என்று சொல்வது வேலை. கம்பெனியுடையது என்று வருடத்துக்கு ஏழெட்டு முறை சொல்லியிருப்பாள்.

அதற்கு முன் எட்டு வருடம் இதே முதலாளியின் பாலிஷ் பட்டறையில் இருந்தாள். சுழலும் துணிச் சக்கரத்தில் எவர்சில்வர் டம்ளர்களைக் காட்டிக் காட்டி முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்க வைக்கும் வேலை. டம்ளர் பளபளத்தது. அவள் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வந்தது. ஒருநாள் இந்த மேஜையில் இருந்தவர் பல்வலி என்று லீவு போட்டார். ஒருநாளைக்கு உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தாள். அன்று வந்த மூன்று பேரில் இருவர் அழுதுகொண்டே போனார்கள், ஒருவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். பல்வலிக்காரரைப் பட்டறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

பாத்திரத்தின் அடியைப் பார்த்தே வீட்டைச் சொல்லிவிடுவாள் என்று ஒரு பேச்சு உண்டு. கொஞ்சம் உண்மை, மீதி அவளே பரப்பியது. எவர்சில்வர் குண்டானுக்குள் ஊசி குத்தினாற்போலச் சின்னச் சின்னக் குழிகளோடு ஒரு டீச்சர் வந்தபோது, “உப்ப எப்போ போடுறீங்க?” என்றுதான் கேட்டாள்.

“தண்ணி வெச்ச உடனே.”

“பச்சத் தண்ணியில போட்டா உப்பு கரையாம அடியில போய் உக்காந்துக்கும். அங்கேயே இருந்து குழி தோண்டும். தண்ணி கொதிச்சப்புறம் போட்டு ஒரு கிண்டு கிண்டுங்க. இருபது வருஷமா பாடம் நடத்துறீங்க, இது யாரும் சொல்லலியா?”

வானவில் மாதிரி நிறம் படிந்த வாணலியோடு வந்து அழுதவளிடம், “இது சூட்டுக்கு வர்ற நிறம். ஒரு கேடும் இல்ல. வினிகர் கொஞ்சம் ஊத்தித் துடைச்சா போயிடும். போகலேன்னாலும் அழகா இருக்குன்னு வெச்சுக்கோங்க,” என்றாள். அடிப்பிடித்துக் கருகியவற்றுக்குத் தண்ணீரும் சோடா உப்பும் போட்டுக் கொதிக்கவிட்டு ஆறவைக்கச் சொன்னாள். கம்பி நாரால் ஒருவர் வட்டம் வட்டமாகத் தேய்த்திருந்த எவர்சில்வர் தட்டைப் பார்த்து, “இது பாத்திரமா, பழைய கிராமபோன் தட்டா?” என்றாள்.

நான்ஸ்டிக்தான் பொய்களின் பெட்டகம். “தானா உரிஞ்சிடுச்சு” என்பார்கள். “தானா உரிய இது பாம்பா?” என்பாள். “மரக் கரண்டிதான் போடுறோம்” என்பார்கள். முள்கரண்டியின் நான்கு பற்களும் நான்கு இணைகோடுகளாகத் தவாவில் ஓடியிருக்கும். “மரத்துக்குப் பல்லு மொளச்சிருக்கா?” முத்திரை விழும்.

இவ்வளவு சொல்லும் நீதிபதியின் வீட்டில், பூச்சு பாதி உரிந்த ஒரு தவா இரண்டு வருடங்களாக அடுப்படியில் இருந்தது. உரிந்தால் தூக்கிப் போடுங்கள், அதன் ஆயுசு அவ்வளவுதான் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் அதில் முட்டை போட்டாள். அவள் புருஷன் அதை முள்கரண்டியால் சுரண்டிச் சாப்பிட்டான். வீட்டில் அவளுடைய தீர்ப்புகள் செல்லுபடியாவதில்லை.

பாத்திரங்களோடு டப்பாவில் வரும் உபயோகக் குறிப்பும் அவள் எழுதியதே. எவர்சில்வருக்கு ஒன்று, வார்ப்பிரும்புச் சட்டிக்கு ஒன்று, நான்ஸ்டிக் தவாவுக்கு ஒன்று. தெரிந்தவளே எழுதட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஒன்பது வருடங்களுக்கு முன் நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் எழுதினாள். அவள் வாழ்க்கையில் அச்சில் வந்த ஒரே எழுத்து. அடியில் பெயர் போடமாட்டார்கள் என்று தெரிந்தபோது ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.

ஆறு வாரங்களுக்கு முன் புதுத் தவா வந்தது. வந்ததிலிருந்து நீதிமன்றத்தில் கூட்டம். மாதம் ஐந்து வருமிடத்தில் இதுவரை இருபத்து மூன்று. எல்லாவற்றிலும் நடுவில் பழுப்பு வட்டம், ஓரத்தில் கொப்பளம், அடியில் ஆட்டம். ஜனங்கள் கெட்டுப்போய்விட்டார்கள் என்று முடிவு கட்டினாள். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு ஃபோனோடு உட்கார்ந்துவிடுகிறார்கள், வேறென்ன. ஒரு கர்ப்பிணிப் பெண் மட்டும், “பேப்பர்ல அப்படித்தானே போட்டிருந்துச்சு” என்று இழுத்தாள். “எந்தப் பேப்பர்? நான் எழுதின பேப்பரா?” என்று நீதிபதி கேட்ட கேட்பில் அந்தப் பெண் தவாவைக்கூட எடுக்காமல் போய்விட்டாள்.

பதினொன்றரைக்கு மேஜை காலியானது. சவரக்கடைக்காரர் எழுந்து வந்தார்.

“கேளுங்க,” என்றாள்.

“இந்தப் புகைக்குப் பறவை சாகுமா?”

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

“என்ன பறவை?”

“லவ் பேர்ட்ஸ். பச்ச நிறம். ஒத்தையாத்தான் வெச்சிருந்தேன். மாப்ளேன்னு கூப்பிடுவேன். கடைக்குப் பின்னால ஒரு சின்ன ரூம், அங்கதான் சமைப்பேன், அங்கதான் கூண்டு. போன செவ்வாக்கிழமை இந்தத் தவாவ வாங்கிட்டுப் போயி சொன்ன மாதிரியே அடுப்புல வெச்சேன். கால் மணி நேரத்துல மாப்ளே கம்பியில இருந்து கீழ விழுந்துட்டான். எனக்கும் அன்னிக்கு ராத்திரி குளிர் காய்ச்சல். நெஞ்சு அடைச்ச மாதிரி. ரெண்டு நாள்ல சரியாயிடுச்சு. அவனுக்குச் சரியாகல.”

“வயசாயிருக்கும்.”

“பதினாலு மாசம்.”

“சொன்ன மாதிரியேன்னா? யார் சொன்னா?”

“நீங்கதான். உங்க கம்பெனி.” சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தார். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் சொருகி வைத்திருந்ததால் பவுடர் வாசனை அடித்தது. “நான் எதுலயும் எழுதியிருக்கிறதப் படிக்காம கை வெக்க மாட்டேன். சாயம் பூசுறதுக்கு முன்னாடிகூடப் படிப்பேன். படிக்காம பூசி ஒருத்தர் தலைய ஆரஞ்சாக்கினேன் ஒருதடவ. அவரு இன்னிக்கும் தொப்பியோடதான் திரியிறாரு.”

அவள் வாங்கிப் படித்தாள். புது நான்ஸ்டிக் தவா. மிதமான தீயே போதும். மரக் கரண்டி. மென்மையான ஸ்பாஞ்ச். சூடாக இருக்கும்போது குளிர்ந்த நீர் ஊற்ற வேண்டாம், வளைந்துவிடும். எல்லாம் அவள் வாக்கியங்கள். அதற்கு மேலே, தடித்த எழுத்தில்:

முதல் உபயோகத்துக்கு முன்: கழுவித் துடைத்து ஈரம் போகச் சூடாக்கவும். எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவி, தடவியதே தெரியாதபடி துணியால் துடைத்தெடுக்கவும். காலிச் சட்டியை அடுப்பில் வைத்துப் புகை வரும்வரை சூடாக்கி, அதன்பின் பத்து நிமிடம் அப்படியே விடவும். ஆறியதும் மீண்டும் இருமுறை இவ்வாறே செய்யவும்.

காலிச் சட்டி. நான்ஸ்டிக்கைப் பற்றி எழுதும்போது அவள் சட்டி என்ற சொல்லைத் தொட்டதே இல்லை. அது இரும்புக்கு மட்டும். இரும்புச் சட்டியைப் பழக்குவதற்கு அவள் எழுதிய பத்தி இது. இரும்புக்கு இதைவிட நல்ல வழி கிடையாது: மெல்லிய எண்ணெய் சூட்டில் இறுகி ஒரு தோலாகப் பிடித்துக்கொள்ளும், மூன்று முறை செய்தால் துரு அண்டாது, முட்டை ஒட்டாது. நான்ஸ்டிக்குக்கு அந்தத் தோலைத் தொழிற்சாலையே பூசி அனுப்புகிறது. அதைக் காலியாக வைத்துப் புகையவிட்டால் பூச்சே வெந்து பிரிகிறது. அதிலிருந்து வரும் புகை மனிதனுக்குக் காய்ச்சல். பறவையின் நுரையீரலுக்கு அந்த அவகாசம்கூடக் கிடையாது.

“தண்ணி குடிக்கிறீங்களா?” என்றார் சவரக்கடைக்காரர்.

“நான்தான் கேக்கணும் அத.”

“கேக்கலையே.”

அவள் எழுந்து ஃபைலைத் தேடினாள். அச்சகத்திலிருந்து வந்த சரிபார்ப்புத் தாள் கிடைத்தது. அதே பத்தி, அதே இடத்தில். ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்து. அவளுடையது. தேதியும் போட்டிருந்தாள்.

ஞாபகம் வந்தது. புதுத் தவாவுக்குச் சின்னத் தாள் போதும் என்று மேனேஜர் சுருக்கச் சொன்னார். மேனேஜர் முதலாளியின் மச்சான். “வீட்டில் பறவை வளர்ப்பவர்கள் சமையலறையில் கூண்டை வைக்க வேண்டாம்னு எழுதியிருக்கியே, அத எடு. அதப் படிச்சா எவன் வாங்குவான்?” என்றார். எடுத்தாள். பிறகு அச்சகத்துக்காரர் ஃபோன் செய்தார். அவள் முன்னால் ஒருவர் கைப்பிடி கழன்ற குக்கரோடு கத்திக்கொண்டிருந்தார். “முதல் உபயோகத்துக்கு முன்னு இரும்புச் சட்டி, தவா ரெண்டு தாள்லயும் ஒரு பத்தி வருது. ரெண்டும் வேற வேறயா இருக்கணுமா?” என்று கேட்டார் அச்சகத்துக்காரர். கழுவு, துடை என்றுதானே இரண்டும் தொடங்குகின்றன என்று நினைத்தாள். “ஒண்ணே போதும், ரெண்டுலயும் அதையே போடுங்க” என்றாள். தாள் வந்தபோது படிக்கவில்லை. தான் எழுதியதை எதற்குப் படிப்பது.

“இருபத்து மூணு பேரு,” என்றாள்.

“எல்லாரும் லவ் பேர்ட்ஸா?”

“எல்லாரும் தவா.”

குடோனுக்கு நடந்தாள். சவரக்கடைக்காரர், கூப்பிடாமலேயே, பின்னால் வந்தார்.

குடோன் அண்ணன் அட்டைப் பெட்டிமேல் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “என்னக்கா, கோர்ட்டு இங்க வந்துடுச்சு?” அவளைவிட பத்து வயது மூத்தவர். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். கேட்டால் பதவிக்கு மரியாதை என்பார்.

“புதுத் தவா எவ்ளோ மிச்சம்?”

“ஆயிரத்துல முந்நூத்தறுபது போயிடுச்சு. அறுநூத்து நாப்பது இருக்கு. எம்பது பெட்டி. நாலு மணிக்கு லாரி வருது, மொத்தமும் வெளியூருக்கு.”

ஒரு பெட்டியைப் பிரித்தாள். உள்ளே எட்டு டப்பா. ஒன்றைத் திறந்தாள். காலிச் சட்டியை அடுப்பில் வைத்து. இன்னொன்று. காலிச் சட்டியை. மூன்றாவதைத் திறக்கவில்லை.

மேனேஜரின் அறையில் ஏசி இருந்தது. எப்போதும் சின்ன விஷயத்தைப் பெரிதாகவும் பெரிய விஷயத்தைச் சின்னதாகவும் பேசுகிறவர். போன மாதம் டாய்லெட் பல்பு எரிந்தே கிடந்ததற்குக் கூட்டம் போட்டார்.

“ஒரு பத்தி,” என்றார் இப்போது. “ஒரே ஒரு பத்தி. அத எவன் படிக்கிறான்?”

“வெளியில ஒருத்தர் உக்காந்திருக்காரு. படிச்சவரு.”

“கிளி செத்ததுக்கெல்லாம் லாரிய நிறுத்த முடியுமா?”

“கிளியில்ல. லவ் பேர்ட்ஸ்.”

“ஏம்மா, யோசி. இது யாரு கையெழுத்து?” அவள் கொண்டுவந்த சரிபார்ப்புத் தாளைத் திருப்பிக் காட்டினார். “வெளிய தெரிஞ்சா முதலாளி யாரக் கேப்பாரு? என்னையா? அடுத்த தடவ அச்சடிக்கும்போது மாத்திக்கலாம். அதுவரைக்கும் எவனாவது வந்தா, கையில முத்திர இருக்குல்ல, குத்து.”

“அவங்க செஞ்சது பிழை இல்லையே.”

“பிழைன்னு நீ சொன்னா பிழை. அதுக்குத்தானே உன்ன அங்க உக்கார வெச்சிருக்கு.” குரலைத் தணித்தார். “இல்லன்னா சொல்லு, பட்டறையில சக்கரம் சும்மாதான் சுத்துது.”

கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்தாள். மேஜை, நாற்காலி, நாற்காலியின் முதுகில் அவள் தைத்துப் போட்ட உறை. எட்டு வருடக் கறுப்பு மூக்கு ஞாபகம் வந்தது. இருமல் ஞாபகம் வந்தது. கர்ப்பிணிப் பெண் விட்டுப்போன தவா அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. அது அவளைப் பார்க்கவில்லை, தவா யாரையும் பார்ப்பதில்லை. அவள்தான் பார்த்தாள்.

குடோனில் சவரக்கடைக்காரரும் குடோன் அண்ணனும் வாழைப்பழத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள்.

“பேப்பரெல்லாம் எடுத்துப் போட்டுடலாமா?” என்றார் குடோன் அண்ணன்.

“எடுத்தா மத்த குறிப்பும் போயிடும். கம்பி நார் போட்டுத் தேய்ப்பாங்க, ஃபுல்லா எரியவிடுவாங்க. அந்தப் பத்தி மட்டும் இருக்கக் கூடாது.”

“அடிச்சுடுங்க பேனாவால.”

“அறுநூத்து நாப்பதும் மூணு மணி நேரத்துலயா? கோடு போட்டா, எவனோ விளையாடியிருக்கான்னு நெனச்சு அதையும் சேர்த்துப் படிப்பாங்க.”

கையில் முத்திரை இருந்தது. எப்போது எடுத்து வந்தாள் என்று தெரியவில்லை. திருப்பி ரப்பரைப் பார்த்தாள். இரண்டு சொற்கள் தலைகீழாக இருந்தன.

“உங்ககிட்ட கத்தி இருக்கா?” என்று சவரக்கடைக்காரரைக் கேட்டாள்.

அவர் மேல்சட்டைப் பையிலிருந்து சவரக்கத்தியை எடுத்தார். “இது இல்லாம நான் கோயிலுக்குக்கூடப் போறதில்ல.”

“முதல் சொல்ல எடுத்துடுங்க.”

அவர் முத்திரையை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு பெரிய மனிதரின் மீசையைத் திருத்துவதுபோல உபயோகித்தவரைச் செதுக்கி எடுத்தார். ரப்பர் துணுக்குகள் சிமென்ட் தரையில் விழுந்தன. ஊதினார். காகிதத்தில் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். பிழை. சிவப்பில், தெளிவாக.

“அளவு போதுமா, இன்னும் கொஞ்சம் குறைக்கணுமா?” என்றார் பழக்கத்தில்.

பன்னிரண்டே முக்காலுக்கு ஆரம்பித்தார்கள். சவரக்கடைக்காரர் டேப்பைக் கத்தியால் ஒரே இழுப்பில் பிளந்தார். அட்டையில் கீறல் விழவில்லை. குடோன் அண்ணன் டப்பாவைத் திறந்து காகிதத்தை உருவினார். அவள் அந்தப் பத்தியின்மேல் மூன்று முறை குத்தினாள்: பிழை, பிழை, பிழை. எழுத்து மறைந்தது. ஓரத்தில் பேனாவால் ‘காலியாகச் சூடாக்காதீர்கள். பறவை இருந்தால் வேறு அறையில்’ என்று எழுதினாள். முப்பதாவது டப்பாவில் கை வலித்தது. ‘காலியாக வேண்டாம், பறவை ஜாக்கிரதை’ என்று சுருக்கினாள். இருநூறுக்குமேல் அதுவும் தேய்ந்து ‘காலி வேண்டாம், பறவை’ ஆனது. மைப்பெட்டி வறண்டபோது குடோன் அண்ணன் அதில் தண்ணீர் ஊற்றினார். அதன்பின் வந்த பிழைகள் வெளிர் ரோஜா நிறத்தில் இருந்தன.

“மாப்ளே பேசுவானா?” என்று கேட்டாள் ஒருமுறை, தலை நிமிராமல்.

“அந்த ஜாதி பேசாது. கத்தும். நான் யாருக்காவது முடி வெட்டும்போது கத்தரிச் சத்தத்துக்குப் பதில் கத்துவான். வந்தவங்க எல்லாம் அவங்க பேசுறதத்தான் கேக்குறான்னு நெனச்சாங்க.” கத்தியைத் துடைத்தார். “இப்போ என் கடையில பேசுறவங்களுக்குப் பதிலே இல்ல.”

அவள் குத்திக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “மன்னிச்சுக்கோங்க,” என்றாள்.

“யாரக் கேக்குறீங்க, என்னையா தவாவையா? கீழ பார்த்துப் பேசுறீங்க.”

நிமிர்ந்து இன்னொருமுறை சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பெட்டியைப் பிளந்தார்.

மூன்றரைக்கு மேனேஜர் வந்தார். வாசலில் நின்று பார்த்தார். தரையெல்லாம் டேப், அட்டைத் துணுக்கு. கத்தியோடு ஒரு அந்நியர்.

“யாரிது?”

“கஸ்டமர்,” என்றாள்.

“கத்தியோடவா?”

“அவரு தொழிலுங்க,” என்றார் குடோன் அண்ணன்.

மேனேஜர் ஒரு காகிதத்தை எடுத்துப் பார்த்தார். “பிழைன்னு நாமளே நம்ம பேப்பர்ல குத்தி அனுப்புறதா? உனக்குப் பைத்தியமா?”

“குத்தாம அனுப்பினா, இன்னும் அறுநூத்து நாப்பது வீட்ல புகையும். அப்புறம் அவங்க எல்லாரும் என் மேஜைக்கு வருவாங்க. நான் அவங்களப் பார்த்து என்ன சொல்லணும்? கேளுங்க, நீங்களே எழுதிக் கொடுங்க, மனப்பாடம் பண்ணிக்கிறேன்.”

“நிறுத்து. லாரி வரும்போது எல்லாம் ஒட்டியிருக்கணும்.”

“இன்னும் பதினாறு பெட்டி இருக்கு.”

“பட்டறைக்குப் போறியா?”

அவள் ஒரு காகிதத்தைக் குத்தினாள். வெளிர் ரோஜா. “போறேன். இது முடிஞ்சதும்.”

மேனேஜர் குடோன் அண்ணனைப் பார்த்தார். குடோன் அண்ணன் பழத்தோலை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார். சவரக்கடைக்காரரைப் பார்த்தார். அவர் மேனேஜரின் கிருதாவைப் பார்த்துக்கொண்டிருந்தார், இடதும் வலதும் ஒரே அளவில் இல்லை என்பதுபோல. மேனேஜர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உள்ளே போனார்.

லாரி நான்கு மணிக்கு வந்தது. டிரைவர் ஒரு மணி நேரம் ஹாரன் அடித்தார், பிறகு இறங்கி வந்து அவரும் டேப் ஒட்டினார். ஐந்தேகாலுக்கு எண்பதாவது பெட்டி ஏறியது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கடைக்கு வந்தாள். மேஜைமேல் ஒரு கடிதம் இருந்தது. ஒன்றாம் தேதியிலிருந்து பாலிஷ் பட்டறை. ஒன்றாம் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. கடிதத்தை இழுப்பறையில் வைத்தாள்.

பதிவேட்டிலிருந்து இருபத்து மூன்று பேருக்கு ஃபோன் செய்தாள். பதினான்கு பேர் எடுத்தார்கள். தவறு எங்கள் காகிதத்தில், தவாவைக் கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறோம் என்றாள். ஐந்து பேர் நம்பவில்லை. ஒருவர், எந்த பேங்க் என்று கேட்டார். கர்ப்பிணிப் பெண்ணின் நம்பரை ஒரு ஆண் எடுத்தார். அவள் தாய்வீட்டுக்குப் போயிருப்பதாகவும் நன்றாக இருப்பதாகவும் சொன்னார். வீட்டில் பறவை இல்லை.

புதுத் தவாவைக் காலியாகச் சூடாக்கவேண்டாம், காகிதத்தில் உள்ளது தவறு என்று அட்டையில் எழுதி வாசல் கண்ணாடியில் ஒட்டினாள். பத்தரைக்கு மேனேஜர் கிழித்தார். பதினொன்றுக்கு இன்னொன்று எழுதி ஒட்டினாள். மத்தியானம் அதுவும் இல்லை. மூன்றாவது மாலைவரை இருந்தது. மேனேஜர் முடி வெட்டிக்கொள்ள வெளியே போயிருந்தார்.

சவரக்கடைக்காரர் தன் தவாவுக்குப் பதில் ஒரு எவர்சில்வர் வாணலி எடுத்துக்கொண்டார். முதலில் வெறும் வாணலியை மிதமான தீயில் ஒரு நிமிடம் சூடாக்கி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாக உருளும்போது எண்ணெய் ஊற்றி, பிறகு முட்டையைப் போட்டால் ஒட்டாது என்று சொன்னாள். வெறுமனேவா என்று கேட்டார். இது வெறும் எவர்சில்வர், மேல பூச்சு இல்ல, ஒரு நிமிஷம் தாங்கும் என்றாள். எழுதித் தரச் சொன்னார். எழுதித் தந்தாள். திருப்பிப் படித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

மூன்று மணிக்கு ஒருவர் கம்பி நாரால் தேய்த்த தவாவைக் கொண்டுவந்து தானாக உரிந்துவிட்டது என்றார். முத்திரையைத் தேடினாள். அதில் ஒரு சொல்தான் இருந்தது. வைத்துவிட்டு, சீட்டில் கையால் எழுதினாள்.

ஐந்தரைக்குக் கிளம்பினாள். வீட்டில் உரிந்த தவாவில் இரண்டு முட்டை போட்டாள். ஒட்டியது.